உறை போட்டதும் குளிரும் கம்பி

நம் வீடுகளில் விளக்குக்கும் விசிறிக்கும் ஓடும் ஒயர் பெரும்பாலும் 1.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பிதான். அதன் பிவிசி உறையை உரித்துவிட்டு, வெறும் கம்பியைக் காற்றோட்டமில்லாத அறையில் தொங்கவிட்டு 15 ஆம்பியர் மின்சாரம் செலுத்துவதாகக் கொள்வோம். அறையின் வெப்பநிலை 35 டிகிரி. சற்று நேரத்தில் கம்பி சுமார் 66 டிகிரிக்கு ஏறி நிற்கும். அதே அறையில், அதே 15 ஆம்பியரில், உறையோடு கூடிய ஒயரை வைத்தால் உள்ளே இருக்கும் தாமிரம் ஏறத்தாழ 52 டிகிரியில் நின்றுவிடும்.

பிளாஸ்டிக் வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். தாமிரத்தோடு ஒப்பிட்டால் அது இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூடக் கடத்தாது. அப்படிப்பட்ட பொருளால் போர்த்தினால் உள்ளே சூடு தங்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் இங்கே போர்த்திய கம்பி 14 டிகிரி குறைவாகச் சூடேறியிருக்கிறது.

காரணத்தைப் புரிந்துகொள்ள, வெப்பம் எந்த வழியாக வெளியேறுகிறது என்று பார்க்க வேண்டும். கம்பியில் பிறக்கும் வெப்பத்துக்கு இரண்டு தடைகள் உண்டு. முதலில் உறையைக் கடந்து வெளிப்பரப்புக்கு வர வேண்டும். பிறகு அந்தப் பரப்பிலிருந்து காற்றுக்குள் இறங்க வேண்டும். நாம் இன்சுலேஷன் என்றதும் முதல் தடையை மட்டுமே நினைக்கிறோம். மெல்லிய கம்பியைப் பொறுத்தவரை உண்மையில் பெரிய தடை இரண்டாவதுதான். காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து இவ்வளவு வெப்பத்தைத்தான் வாங்கிக்கொள்ளும் என்று ஓர் அளவு இருக்கிறது. மெல்லிய கம்பிக்குப் பரப்பே மிகக் குறைவு என்பதால், தாமிரத்தின் மேற்பரப்பு வரை வந்துவிட்ட வெப்பம் காற்றில் இறங்க இடமில்லாமல் அங்கேயே நெருக்கியடித்து நிற்கிறது.

உறை போட்டதும் அந்த நெருக்கடி தளர்கிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியின் ஆரம் 0.69 மில்லிமீட்டர். அதன்மேல் 0.7 மில்லிமீட்டர் பிவிசி ஏறினால் வெளி ஆரம் 1.4 ஆகிவிடும், காற்றைத் தொடும் பரப்பு இருமடங்காகிறது. அதே 0.7 மில்லிமீட்டரை ஓரடி விட்டமுள்ள நீராவிக் குழாயின்மேல் பூசினால் பரப்பு அரை சதவீதத்துக்கும் குறைவாகவே கூடும். தட்டையான சுவரில் பூசினாலோ கூடவே கூடாது. அதனால்தான் சுவருக்கும் பெரிய குழாய்க்கும் போடும் எந்த இன்சுலேஷனும் ஏமாற்றுவதில்லை. ஆரம் சிறுத்த பொருள்களில்தான் கணக்கு மாறிப்போகிறது.

எண்களை வைத்தே பார்த்துவிடலாம். இந்தக் கம்பிக்கு ஒரு கிலோமீட்டருக்கு 12.1 ஓம் மின்தடை. 20 டிகிரி வெப்பநிலைக்கு வகுக்கப்பட்ட தர அளவு இது. 15 ஆம்பியர் ஓடினால் ஒவ்வொரு மீட்டரிலும் சுமார் 2.7 வாட் வெப்பம் பிறக்கும். (கம்பி சூடேறச் சூடேற மின்தடையும் சற்றே கூடும். கணக்கு எளிதாக இருக்க அதை இங்கே விட்டுவிடுவோம்.) அசையாத காற்றில், இவ்வளவு மெல்லிய கம்பியின் ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து, ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் ஏறத்தாழ 20 வாட் வெளியேறும். இதிலிருந்து, ஒரு மீட்டர் வெறும் கம்பியிலிருந்து ஒரு வாட்டை வெளியே தள்ள எத்தனை டிகிரி வேறுபாடு வேண்டும் என்று கணக்கிட்டால் 11.5 டிகிரி வருகிறது. 2.7 வாட்டுக்கு 31 டிகிரி. அறையின் 35 டிகிரியோடு கூட்டினால் 66.

இப்போது உறையோடு. பிவிசியைக் கடக்க ஒரு வாட்டுக்கு 0.7 டிகிரி செலவாகிறது. பரப்பு இருமடங்கானதால் காற்றில் இறங்க 11.5 டிகிரிக்குப் பதில் 5.7 டிகிரி போதும். இரண்டையும் சேர்த்தால் 6.4 டிகிரிதான். உறை என்ற புதிய தடையால் வந்த இழப்பு முக்கால் டிகிரிகூட இல்லை. பரப்பு விரிந்ததால் வந்த ஆதாயமோ ஏறக்குறைய 6 டிகிரி. இன்னொரு விதமாகச் சொன்னால், வெறும் கம்பி 15 ஆம்பியரில் எட்டும் சூட்டை உறையிட்ட கம்பி 20 ஆம்பியரில்தான் எட்டும். மின்சாரம் தாக்காமல் இருக்கப் போட்ட உறை, கம்பியின் சுமைதாங்கும் திறனையும் மூன்றில் ஒரு பங்கு உயர்த்திவிடுகிறது.

அப்படியானால் உறையைத் தடிப்பாக்கிக்கொண்டே போனால்? ஓர் எல்லை வரை கம்பி மேலும் குளிரும். பிவிசி தடிக்கத் தடிக்க, அதைக் கடக்கும் செலவு கூடுகிறது, பரப்பினால் வரும் ஆதாயம் குறைகிறது. ஓர் ஆரத்தில் இரண்டும் சமமாகும். வெப்ப வெளியேற்றம் உச்சத்தில் இருக்கும் அந்த ஆரத்துக்கு மாறுநிலை ஆரம் என்று பெயர். உருளை வடிவப் பொருளுக்கு அதன் சூத்திரம் மிகச் சிறியது:

r = k / h

இதில் k என்பது உறைப் பொருளின் வெப்பக் கடத்துத்திறன். h என்பது பரப்பிலிருந்து காற்று வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் வேகம். பிவிசிக்கு k சுமார் 0.17, நம் கணக்கில் h 20. வகுத்தால் 0.0085 மீட்டர், அதாவது 8.5 மில்லிமீட்டர். அந்த ஆரம் வரை பிவிசியை ஏற்றினால் தாமிரம் 44 டிகிரியில் நிற்கும். அதைத் தாண்டினால் சூடு மெல்ல மெல்லத் திரும்பவும் ஏறும். எவ்வளவு மெல்ல என்றால், வெறும் கம்பியின் 66 டிகிரியை மறுபடி எட்ட வேண்டுமானால் இதே கணக்கின்படி பிவிசி உறை சுமார் 150 மீட்டர் தடிப்பாக இருக்க வேண்டும். ஆக, இந்தக் கம்பியைப் பிவிசியால் போர்த்திச் சூடாக்குவது நடக்காத காரியம்.

சூத்திரத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: கம்பியின் ஆரம் அதில் எங்குமே இல்லை. உறைப் பொருளும் சுற்றியுள்ள காற்றும்தான் மாறுநிலை ஆரத்தைத் தீர்மானிக்கின்றன. கம்பியோ குழாயோ அந்த எல்லைக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வெளியே இருந்தால், போடும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் வெப்பத்தைத் தடுக்கும். உள்ளே இருந்தால், முதலில் போடும் மில்லிமீட்டர்கள் வெப்பத்தை வெளியே கடத்திவிடும்.

உறைப் பொருளை மாற்றினால் என்ன ஆகும் என்பதை இங்கிலாந்து வீடுகளில் பார்க்கலாம். குளிர் நாடு என்பதால் அங்கே கூரைக்கடியிலும் சுவர்களுக்குள்ளும் கண்ணாடி இழைப் பஞ்சை அடைத்துவைப்பார்கள். மின்சார ஒயர்கள் சில இடங்களில் அந்தப் பஞ்சுக்குள்ளேயே புதைந்து ஓடும். பஞ்சின் கடத்துத்திறன் 0.04தான். 20ஆல் வகுத்தால் மாறுநிலை ஆரம் 2 மில்லிமீட்டர்! நம் ஒயரின் வெளி ஆரமே 1.4 மில்லிமீட்டர் என்பதால், பஞ்சு சுற்றத் தொடங்கிய உடனேயே எல்லை தாண்டிவிடுகிறது. 50 மில்லிமீட்டர் பஞ்சுக்குள் அதே ஒயரைப் புதைத்து 15 ஆம்பியர் செலுத்தினால் தாமிரம் 76 டிகிரிக்கு ஏறும். சாதாரண பிவிசி ஒயருக்கு அனுமதிக்கப்பட்ட எல்லை 70 டிகிரி. இதனால்தான் பிரிட்டனின் மின்னமைப்பு விதித்தொகுப்பான பிஎஸ் 7671, அரை மீட்டருக்கு மேல் முழுவதும் இன்சுலேஷனுக்குள் புதைந்து ஓடும் ஒயரின் சுமைதாங்கும் திறனைப் பாதியாகக் கொள்ளச் சொல்கிறது. பிவிசி, பஞ்சு இரண்டுமே இன்சுலேஷன்தான். ஒன்று கம்பியைக் குளிர்விக்கிறது, மற்றொன்று உறையையே உருக்கும் அளவுக்குச் சூடேற்றக்கூடும்.

கம்பியில் வெப்பம் வெளியேறுவது நல்லது. குழாயில் அது நஷ்டம். ஏசி பொருத்தும்போது உள் யூனிட்டுக்கும் வெளி யூனிட்டுக்கும் இடையே கால் அங்குலத் தாமிரக் குழாய் ஒன்று போகும், ஆரம் 3.2 மில்லிமீட்டர். பல ஏசிகளில் இதற்குள்ளும் குளிர்ந்த திரவம்தான் ஓடுகிறது. இங்கே வெப்பம் வெளியிலிருந்து உள்ளே வரும். திசை மாறினாலும் கணக்கு மாறாது. கறுப்பு ரப்பர் ஃபோமின் கடத்துத்திறன் 0.035, இந்தத் தடிப்புள்ள குழாய்க்கு h சுமார் 10. மாறுநிலை ஆரம் 3.5 மில்லிமீட்டர். குழாயின் ஆரம் கிட்டத்தட்ட அந்த எல்லையிலேயே இருப்பதால் 9 மில்லிமீட்டர் ஃபோம் வேலை செய்யும், ஆனால் உள்ளே வரும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தடுக்கும். அதே ஃபோமை இரண்டு அங்குலக் குழாயில் போட்டால் மூன்றில் இரண்டு பங்கைத் தடுக்கும்.

ஃபோம் கிழிந்துபோன இடத்தில் வெறும் பிவிசி டேப்பைச் சுற்றிவிட்டுப் போவது பலரும் செய்யும் காரியம். டேப் பிவிசிதான், மாறுநிலை ஆரம் 17 மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டர் தடிப்புக்கு டேப்பைச் சுற்றினால், வெறும் குழாயை விட 40 சதவீதம் அதிக வெப்பம் உள்ளே போகும். குழாயை மூடியாகிவிட்டது என்று நினைக்கும்போதே இழப்பு கூடியிருக்கிறது.

அதைவிட மோசம், நனைந்த ஃபோம். ஃபோம் வெப்பத்தைத் தடுப்பது அதன் நுண்ணறைகளில் அடைபட்ட காற்றினால். நீர் அந்தக் காற்றை விட 20 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். மூட்டு சரியாக ஒட்டப்படாமல் மழைநீரோ, குழாயில் படியும் ஈரமோ உள்ளே இறங்கினால் ஃபோமின் கடத்துத்திறன் பல மடங்கு கூடும். அது 0.15 ஆகிவிட்டதென்று வைத்துக்கொண்டால், மாறுநிலை ஆரம் 15 மில்லிமீட்டருக்குத் தாவுகிறது. நேற்று எல்லைக்கு வெளியே இருந்த அதே 9 மில்லிமீட்டர் உறை இன்று உள்ளே வந்துவிடும். வெறும் குழாயைப்போல் ஏறக்குறைய 1.8 மடங்கு வெப்பத்தை அது உள்ளே விடும். ஃபோமைக் கையால் பிழியும்போது ஈரம் கசிந்தாலோ, அதன் வெளிப்புறத்திலேயே நீர்த்துளிகள் அரும்பினாலோ, அது கெட்டுவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அதன்மேல் இன்னொரு சுற்று டேப் போடுவதில் பயனில்லை. கழற்றிவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும்.

இந்தக் கணக்குக்கும் வரம்பு உண்டு. h ஒரே எண்ணாக நிற்பதில்லை. பரப்பு பெரிதாகப் பெரிதாக அது குறையும், காற்று வீசினால் பல மடங்கு கூடும். மொட்டைமாடியில் நல்ல காற்றில் h 50 என்றால் பிவிசியின் மாறுநிலை ஆரம் 3.4 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். பளபளக்கும் தாமிரம் வெப்பக் கதிர்களை மிகக் குறைவாகவே வீசும், பிவிசி நன்றாக வீசும் என்பதும் கணக்கைச் சற்று அசைக்கும். ஆகவே மேலே வந்த டிகிரிகள் இடத்துக்கு இடம் கணிசமாகவே முன்பின்னாகும்.

சிறிய குழாய்க்கு உறை வாங்கப் போகிறவர் கடையில் கேட்க வேண்டியது, தடிப்பு எவ்வளவு என்பதை மட்டுமல்ல; k எவ்வளவு என்றும் கேளுங்கள். அதை 10ஆல் வகுத்து வரும் எண் மீட்டர் கணக்கில் இருக்கும். ஆயிரத்தால் பெருக்கி மில்லிமீட்டராக்கி, குழாயின் ஆரத்தோடு ஒப்பிடுங்கள். குழாயின் ஆரம் அதைவிட மிகச் சிறியதாக இருந்தால் அந்தப் பொருள் வேண்டாம். K குறைந்த வேறொன்றைக் கேட்டு வாங்குங்கள்.