மணப்பெண் பேக்கேஜ்: தாளில் இருக்க வேண்டியவை

ஆவணியும் தையும் வந்துவிட்டால் அழகு நிலையங்களின் வாசலிலும் வாட்ஸ்அப்பிலும் மணப்பெண் பேக்கேஜ் அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடும். எச்.டி மேக்கப், ஜடை அலங்காரம், புடவை கட்டு, இரு கை மெஹந்தி, ஒரு டிரையல் இலவசம், அதன் கீழே ஒரு தொகை. பெரும்பாலான அறிவிப்புகள் இந்த அளவோடு நின்றுவிடுகின்றன. எத்தனை மணிக்கு யார் வருவார், எத்தனை முறை புடவை கட்டுவார், டிரையலில் என்னென்ன பார்க்கப்படும், மெஹந்தி எந்த நாளில் என்ற கேள்விகளுக்கு அவற்றில் விடை இருப்பதில்லை. கல்யாண மண்டபத்தில் மனக்கசப்பு பெரும்பாலும் இந்த நான்கிலிருந்துதான் கிளம்புகிறது.

தமிழ்நாட்டுக் கல்யாணத்தில் மணப்பெண் அலங்காரம் என்பது பொதுவாக இரண்டு வேளை வேலை. முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் விடியலில் முகூர்த்தம். உதாரணத்துக்கு, சனிக்கிழமை மாலை 7 மணிக்கு வரவேற்பும் ஞாயிறு காலை 6.00 முதல் 7.30 வரை முகூர்த்தமும் உள்ள கல்யாணம் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பெண்ணை 5.45க்கு மணவறைக்கு அழைப்பார்கள் என்றால் அலங்காரம் 5.30க்கு முடிந்திருக்க வேண்டும். முகத்துக்கு ஒன்றரை மணி நேரம், சவுரி வைத்துப் பின்னிப் பூ ஜடையும் ராக்கொடியும் குஞ்சலமும் பொருத்த முக்கால் மணி நேரம், பட்டுப்புடவை மடிப்பெடுத்துக் கட்ட அரை மணி நேரம், நகைகளுக்குக் கால் மணி நேரம். ஆக மொத்தம் மூன்று மணி நேரம். அதாவது இரவு 2.30க்கு வேலை தொடங்கியாக வேண்டும்.

அதே கலைஞர் பெண்ணின் தாய்க்கும், அக்காவுக்கும், நாத்தனாருக்கும் ஆளுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் கூடுதலாக இரண்டேகால் மணி நேரம் ஆகும். அப்போது தொடக்கம் இரவு 12.15 ஆகிவிடுகிறது. வரவேற்பு முடிந்து, படம் எடுத்து, மேக்கப்பைக் கலைக்கவே 11 மணி ஆகிவிடும் வீட்டில் இது நடக்காத காரியம். ஆகவே “உறவினர் மூவருக்கு மேக்கப் உண்டு” என்று எழுதும் நிலையம், அதற்கு இரண்டாவது கலைஞர் வருகிறாரா என்பதையும் அதே வரியில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் மணப்பெண்ணின் நேரத்திலிருந்துதான் அந்த முக்கால் மணிகள் வெட்டப்படும்.

கூறைப்புடவை மாற்றுவது அறிவிப்புகளில் அதிகம் விடுபடும் இன்னொரு வேலை. பல சமூகங்களில் பெண் ஒரு புடவையில் மணவறைக்கு வந்து, கூறையை வாங்கிக்கொண்டு உள்ளே போய், அதைக் கட்டிக்கொண்டு தாலி கட்டுவதற்குத் திரும்பி வருவாள். புரோகிதர் தரும் அவகாசம் பத்து, பதினைந்து நிமிடங்கள்தான். மாலையைக் கழற்றி, ஜடை கலையாமல், நெத்திச்சுட்டி இழுபடாமல் மடிசாரோ சாதாரணக் கட்டோ கட்டிவிட அந்நேரம் கலைஞர் மண்டபத்தில் இருந்தாக வேண்டும். “புடவை கட்டு உண்டு” என்பதற்கும் “முகூர்த்தத்தில் இரண்டு புடவை கட்டு, தாலி கட்டி முடியும் வரை ஒருவர் உடனிருப்பார்” என்பதற்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது.

எச்.டி, ஏர்பிரஷ் என்ற சொற்களையும் கொஞ்சம் விளக்கியே எழுதுவது நல்லது. ஏர்பிரஷ் என்பது சிறு காற்றழுத்தக் கருவியால் மெல்லிய படலமாக பவுண்டேஷனைத் தெளிக்கும் முறை. எச்.டி என்பது கேமராவில் திட்டாகத் தெரியாத நுண்ணிய துகள்கள் கொண்ட பொருள்களைக் கையாலும் ஸ்பாஞ்சாலும் பூசும் முறை. வறண்ட சருமத்தில் ஏர்பிரஷ் சில மணி நேரத்தில் செதில் செதிலாகத் தெரியலாம். ஓமப்புகையில் கண்ணீர் வழிந்தால் அதன்மேல் தொட்டுச் சரிசெய்வதும் கடினம். எது உயர்ந்தது என்ற கேள்வி பயனற்றது. இந்த முகத்துக்கு எது ஒட்டி நிற்கும் என்பதை டிரையல்தான் காட்டும்.

டிரையலை ஓர் ஒத்திகையாக நடத்த வேண்டும். கல்யாணத்துக்கு மூன்று முதல் ஆறு வாரங்களுக்கு முன்பு வைத்துக்கொண்டால் மாற்றங்களுக்கு இடம் இருக்கும். அந்த வாரத்தில் புதிதாக பேஷியலோ ப்ளீச்சோ செய்திருக்கக் கூடாது. சருமம் சிவந்திருந்தால் நிறப்பொருத்தம் தவறிவிடும். முகூர்த்தப் புடவையையோ அதன் ரவிக்கையையோ, நெத்திச்சுட்டியையும் கழுத்து நகையையும் கையோடு கொண்டுவர வேண்டும். அரக்குப் பட்டின் அருகில் சரியாக இருக்கும் உதட்டுச் சாயம், மாம்பழ மஞ்சளின் அருகில் கருத்துத் தெரியும்.

நிறப்பொருத்தத்தைக் கன்னத்தில் பார்ப்பதைவிடத் தாடை ஓரத்தில், கழுத்தோடு சேர்த்துப் பார்ப்பதே சரி. இரண்டு மூன்று எண்களைச் சிறு கோடுகளாகப் பூசி, ஜன்னல் வெளிச்சத்தில் எது மறைகிறதோ அதை எடுக்க வேண்டும். பிறகு ஒரு மணி நேரம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். சில பவுண்டேஷன்கள் காற்றுப்பட்டு, சருமத்தின் எண்ணெயோடு கலந்து ஓரளவு கருத்துவிடும். அதைத் தெரிந்துகொள்ளாமல் பெண்ணின் நிறத்தைவிட வெளுத்த எண்ணைத் தேர்ந்தெடுப்பதால்தான் முகம் ஒரு நிறமும் கை ஒரு நிறமுமாகக் கல்யாணப் படங்கள் வந்துவிடுகின்றன. மாநிறப் பெண்ணை மாநிறத்திலேயே பொலிவாகக் காட்டுவதில்தான் கலைஞரின் திறமை தெரியும். அறிவிப்பில் “சிவப்பாக்கித் தரப்படும்” என்ற தொனி இருந்தால் அந்த நிலையத்தைத் தவிர்த்துவிடலாம்.

அடுத்து ஃபிளாஷ் சோதனை. அறையை இருட்டாக்கி, செல்போன் ஃபிளாஷில் ஒரு படம் எடுத்தால் போதும். கண்ணுக்குக் கீழும் மூக்கின் மேலும் சாம்பல் பூசியது போல வெளுத்துத் தெரிந்தால், மேலே தூவிய சிலிக்கா பவுடரோ, வெயில் தடுப்புப் பொருள் கலந்த கிரீமோ வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது என்று பொருள். கண்ணாடியில் இது தெரியவே தெரியாது. டிரையல் முடிந்ததும் முகத்தைக் கழுவிவிடாமல் ஆறு மணி நேரமாவது அப்படியே வைத்திருந்து, வியர்வையில் மூக்கோரம் பிரிகிறதா, மை வழிகிறதா என்று பார்த்து, மணிக்கொரு படம் கலைஞருக்கு அனுப்பினால் கல்யாணத்தன்று என்ன நடக்கும் என்பது முன்பே தெரிந்துவிடும்.

ஒவ்வாமைச் சோதனையும் டிரையலோடு சேர்ந்ததே. பவுண்டேஷன், இமை ஒட்டும் பசை இவற்றைக் காதின் பின்புறமோ முழங்கை மடிப்பிலோ சிறிது தடவி 48 மணி நேரம் கவனிக்க வேண்டும். சில ஒவ்வாமைகள் இரண்டாம் நாள்தான் தலைகாட்டும் என்பதால், டிரையல் நாளில் அரிக்கவில்லை என்பதை மட்டும் நம்பிவிட முடியாது.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. நலங்கில் பூசிய மஞ்சள், கழுவிய பிறகும் ஓரிரு நாள் தோலில் தங்கும். டிரையலில் பொருந்திய அதே எண், முகூர்த்தத்தன்று மஞ்சள் ஏறிய கழுத்தின் அருகில் வேறாகத் தெரியும். நலங்கு எந்த நாள் என்பதை டிரையலிலேயே கேட்டுக்கொள்ளும் கலைஞர், சற்று மஞ்சள் சாய்ந்த இன்னோர் எண்ணையும் பெட்டியில் வைத்திருப்பார். பயன்படுத்திய பொருள்கள், எண்கள், ஜடையின் வகை, பொட்டின் அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொண்டால்தான் டிரையல் முடிந்ததாகும். அந்தத் தாள் இல்லாவிட்டால், ஆறு வாரம் கழித்து இரவு 2.30க்கு யாருக்கும் எதுவும் நினைவிருக்காது.

மெஹந்தியின் நாளைக் குறிப்பது மருதாணியின் இயல்பு. இலையிலுள்ள லாசோன் என்ற சாயம் தோலின் மேல்படலத்திலுள்ள கெரட்டினோடு பிணைகிறது. கோன் விழுதை உரித்தவுடன் தெரிவது ஆரஞ்சு நிறம்தான். காற்றுப்பட்டு, அது முழுச் சிவப்பாகப் பழுக்க ஒன்றிரண்டு நாள் ஆகும். மேற்சொன்ன கல்யாணத்துக்கு வியாழன் மாலையே சரியான நேரம். இரவு முழுவதும் விட்டு வெள்ளி காலை தண்ணீர் படாமல் சுரண்டி எடுத்து, அன்று மாலை வரை கையை நனைக்காமல் இருந்தால், சனி மாலை நன்றாகச் சிவந்து ஞாயிறு காலை உச்ச நிறத்தில் இருக்கும். வெள்ளி இரவு இட்டுக்கொண்டால் வரவேற்புப் படங்களில் கை ஆரஞ்சாகத்தான் இருக்கும். உள்ளங்கையில் தோல் தடிப்பு அதிகம் என்பதால் அங்கே நிறம் ஆழமாகப் பிடிக்கும். புறங்கையும் முழங்கைப் பக்கமும் வெளிறியே இருக்கும். இது இடுபவரின் குறை ஆகாது.

ஒரு மணி நேரத்தில் கருஞ்சிவப்பு என்று சொல்லும் கோன்களிடம் எச்சரிக்கை தேவை. மருதாணியால் அது முடியாது. “கருப்பு மெஹந்தி” எனப்படும் கோன்கள் பலவற்றில் தலைச்சாயத்தில் சேர்க்கும் பாரா-பினைலீன்டையமீன் கலந்திருக்கும். அது தோலில் கொப்புளம் கிளப்பி, கோலத்தின் வடிவிலேயே தழும்பு விட்டுப் போகக்கூடும். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிற்காலத்தில் தலைச்சாயம் பூசும்போதும் அது திரும்ப வரும். நிலையத்தில் அரைத்துக் குழைத்த விழுது பச்சையும் பழுப்புமாக, இலை வாசனையும் நீலகிரித் தைலத்தின் வாசனையும் கொண்டிருக்கும். வெளியில் வைத்தால் சில நாளில் வீரியம் இழக்கும். மாதக்கணக்கில் அலமாரியில் கெடாமல் இருக்கும் கோனில் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது. டிரையல் நாளிலேயே உள்ளங்கையில் ஒரு சிறு பூ இட்டுப் பார்த்தால் நிறமும் ஒவ்வாமையும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

இவற்றையெல்லாம் ஓர் அறிவிப்பில் அடக்கிவிட முடியும். “டிரையல்: கல்யாணத்துக்கு நான்கு வாரம் முன்பு, நிலையத்தில், இரண்டரை மணி நேரம். முகூர்த்த அலங்காரம் ஒன்றும் ஒரு ஜடையும் முழுதாகச் செய்யப்படும். ஒவ்வாமைச் சோதனையும் உள்ளங்கையில் மருதாணிச் சோதனையும் உண்டு. கட்டணம் ரூ. 3,000; பதிவு செய்தால் மொத்தத் தொகையில் கழிக்கப்படும், செய்யாவிட்டால் திருப்பித் தரப்படாது. மெஹந்தி: முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்பு மாலை, வீட்டில். மணப்பெண்ணுக்கு இரு கையும் முழங்கை வரை இருபுறமும், காலில் கணுக்கால் வரை. விருந்தினருக்குக் கை ஒன்றுக்கு இவ்வளவு.” தொகை நிலையத்துக்கு நிலையம் மாறும். ஆனால் இந்த வரிகளைப் படிக்கும் தாய், டிரையலுக்குக் கொடுப்பது எதற்காக என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

மிச்சம் பணக்கணக்கு. வெளியூர் மண்டபத்துக்குப் பயணச் செலவும் இரவு தங்க அறையும் யார் பொறுப்பு, மணப்பெண் பேக்கேஜின் மலர்ச் செலவு யாருடையது, வாடகை நகைச் செட்டுக்கு முன்பணம் எவ்வளவு, முகூர்த்த நாள் மாறினால் அட்வான்ஸ் புதிய தேதிக்குச் செல்லுமா, சொன்ன கலைஞர் வர முடியாமல் போனால் யார் வருவார் என்பவை அதே தாளின் அடியில், அதே எழுத்தளவில் இருக்க வேண்டும். பரபரப்பான முகூர்த்த நாளில் ஒரே நிலையம் இரண்டு மூன்று கல்யாணங்களை ஏற்பதுண்டு. ஆகவே கலைஞரின் பெயர் ரசீதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே பார்த்துவிட வேண்டும். டிரையல் செய்த கையே முகூர்த்தத்துக்கும் வந்தால்தான் அந்த எண்கள் எழுதிய தாளுக்குப் பயன் உண்டு.