நாலு அம்மோனியாவும் உள்ளே இருக்கிறதா?

பி.எஸ்ஸி. வேதியியல் ஆய்வகத்தில் மாணவர்கள் ஆசையோடு செய்கிற ஒரு தயாரிப்பு உண்டு. மயில்துத்தத்தில் அம்மோனியாவைச் சேர்த்து, கருநீலப் படிகங்களாக டெட்ராஅம்மின்காப்பர் சல்பேட் எடுப்பது. ஒரே மதியத்தில் முடிந்துவிடும். நிறமும் கண்ணைப் பறிக்கும். அதனாலேயே பலர், நீலம் வந்ததும் வேலை முடிந்தது என்று நோட்டை மூடிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், சோதனை ஆரம்பிப்பதே அப்போதுதான்.

செய்முறையைப் பார்ப்போம். பொடித்த மயில்துத்தம் 5 கிராம். அதை 5 மில்லி தண்ணீரும் 8 மில்லி அடர் அம்மோனியாவும் கலந்த கலவையில் போட்டுக் கலக்க வேண்டும், புகைபோக்கி அறைக்குள் வைத்துத்தான். நம் ஊர் வெயிலில் அம்மோனியா பாட்டிலுக்குள் அழுத்தம் ஏறியிருக்கும். ஐஸ் தண்ணீரில் சற்று நேரம் நிறுத்தி வைத்துவிட்டுத் திறப்பதே நல்லது. கலக்கும்போது முதலில் வெளிர்நீலக் குழம்பு ஒன்று தலைகாட்டலாம். அது செம்பின் ஹைட்ராக்சைடு வகை வீழ்படிவு. அம்மோனியா போதுமான அளவு இருந்தால் அது கரைந்து மறைந்து, பீக்கர் முழுக்க ஊதா கலந்த கருநீலம் பரவும். செம்பு அயனியைச் சூழ்ந்திருந்த தண்ணீர் மூலக்கூறுகளை அம்மோனியா வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்பதற்கு அந்த நிறமே அடையாளம்.

இதன்மேல் 8 மில்லி எத்தனாலை பீக்கரின் ஓரமாக மெல்ல ஊற்ற வேண்டும். தண்ணீரில் நன்றாகக் கரைகிற இந்த உப்பு ஆல்கஹாலில் கரையாது. ஐஸில் வைத்தால் படிகங்கள் கீழே இறங்கும். வடிகட்டி, அம்மோனியா கலந்த ஆல்கஹாலால் முதலில் அலசி, பிறகு வெறும் ஆல்கஹாலால் அலச வேண்டும். தண்ணீரால் மட்டும் அலசக்கூடாது. அலசினால் படிகம் கொஞ்சம் கரைந்து போவதோடு நிற்காது. அம்மோனியாவை இழந்து வெளிறவும் தொடங்கிவிடும்.

கிடைக்கிற பொருளின் வாய்பாடு [Cu(NH₃)₄]SO₄·H₂O. இங்கேதான் சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது. மயில்துத்தத்தின் மோல் எடை 249.7. புதிய பொருளின் மோல் எடை 245.7. நாலு தண்ணீர் போய் நாலு அம்மோனியா வந்திருக்கிறது. இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை. ஆகவே 5 கிராம் போட்டால், துளிகூட வீணாகாத பட்சத்தில், 4.92 கிராம் வரும். தராசை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. செம்பின் அளவும் அப்படித்தான். மயில்துத்தத்தில் 25.45 சதவீதம், புதிய பொருளில் 25.86 சதவீதம். அரை கிராம் மாதிரியில் இந்த வேறுபாடு, 0.1 மோலார் ஹைப்போவில் வெறும் 0.33 மில்லி. ஆக, செம்பை மட்டும் அளந்துவிட்டு ‘புதுப் பொருள் செய்துவிட்டேன்’ என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அம்மோனியாவையும் அளந்தாக வேண்டும். அது கோட்பாட்டின்படி 27.7 சதவீதம். மயில்துத்தத்தில் பூஜ்யம்.

ஒரு வருஷம் என் வகுப்பில் ஒரு மாணவி வந்து நின்றாள்.

“சார், காப்பர் 26.3 வந்திருக்கு. தியரி வேல்யூவைவிடக் கூடவே இருக்கு. ரொம்ப ப்யூரா வந்திருக்கும்போல!”

“அப்படியாம்மா? அம்மோனியா எவ்வளவு வந்துச்சுன்னு பாத்தியா?”

பார்க்கவில்லை. செம்பை அவள் அளந்த விதத்தில் குறையில்லை. மாதிரியில் சரியாக 0.500 கிராம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து, கருநீலம் வெளிறும்வரை நீர்த்த கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டிருந்தாள். இந்தப் படியைத் தாண்டிவிட்டால் எல்லாம் கெடும். அம்மோனியா செம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை அது அயோடைடோடு ஒழுங்காக வினைபுரியாது. அதன்பின் சிறிது அசிட்டிக் அமிலமும் 2 கிராம் பொட்டாசியம் அயோடைடும். கரைசல் சேற்றுப் பழுப்பாக மாறும். செம்பு வெளியேற்றிய அயோடினே அந்தப் பழுப்பு. பியூரெட்டிலிருந்து ஹைப்போவை விட்டு, வைக்கோல் மஞ்சளுக்கு இறங்கியதும் ஸ்டார்ச் சேர்த்து, நீலம் மறையும்வரை போக வேண்டும். முடிவுக்குச் சற்று முன் ஒரு சிட்டிகை அம்மோனியம் தயோசயனேட் போட்டால், அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும் குப்ரஸ் அயோடைடு ஒட்டவைத்துக்கொண்ட அயோடினும் வெளியே வந்து நீலம் ஒரு கணம் ஆழமாகும். அவளுக்கு ஆனது 20.7 மில்லி. அதாவது 2.07 மில்லிமோல் செம்பு.

அம்மோனியாவை அன்றே அளக்கச் சொன்னேன். 0.2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லியைக் குடுவையில் முதலில் வைத்துக்கொண்டு, மாதிரியை அதற்குள் போட வேண்டும். வரிசையை மாற்றிப் போட்டால் அம்மோனியா மூக்குக்குப் போய்விடும், கணக்குக்கு வராது. அம்மோனியா தனக்கு வேண்டிய அமிலத்தை எடுத்துக்கொண்ட பிறகு, மிஞ்சிய அமிலத்தை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் அளக்கிறோம். காட்டி, மெத்தில் ஆரஞ்சு. செம்பின் வெளிர்நீலம் பின்னணியில் இருப்பதால் நிறம் ஊதாச் சிவப்பிலிருந்து சாம்பல் வழியாகப் பச்சைக்கு மாறும். அந்தச் சாம்பலில் கண் வைக்க வேண்டும். பழக்கதோஷத்தில் பினாப்தலீனை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நிறம் மாறுவதற்குள் செம்பு ஹைட்ராக்சைடாகப் படிந்து காரத்தைத் தின்னும், அம்மோனியம் அயனியும் தன் பங்குக்குத் தின்னும். முடிவில் அம்மோனியா குறைவாகத் தெரியும்.

அவளுக்குக் காரம் 22.4 மில்லி ஆனது. போட்ட அமிலம் 10 மில்லிமோல், மிஞ்சியது 2.24. அப்படியானால் அம்மோனியா 7.76 மில்லிமோல். இதை 2.07-ஆல் வகுத்தால் 3.75.

ஒரு செம்புக்கு நாலு அம்மோனியா இருக்க வேண்டிய இடத்தில் மூன்றே முக்கால். அவள் முகம் வாடியது. எனக்கோ அந்த எண் பிடித்திருந்தது. ஏனென்றால் நடந்தது முழுவதும் அதில் இருந்தது. கால் பங்கு அம்மோனியா பறந்துபோனால் மோல் எடை 245.7-லிருந்து 241.5-க்கு இறங்கும். அந்த எடையில் செம்பின் பங்கைப் போட்டுப் பார்த்தால் 26.3 சதவீதம். அவள் தூய்மை என்று நினைத்த அதே எண்! செம்பு கூடவில்லை. கூட இருந்தது குறைந்ததால் செம்பின் பங்கு பெரிதாகத் தெரிந்தது. படிகத்தில் ஆல்கஹால் ஈரம் மிஞ்சியிருந்தால் கதை வேறு. அப்போது செம்பு, அம்மோனியா இரண்டு சதவீதமுமே ஒன்றாக இறங்கும். வகுத்தால் நாலு மாறாது. மயில்துத்தம் கலந்திருந்தால் செம்பு ஏறக்குறைய அசையாது, அம்மோனியா மட்டும் சரியும்.

“எங்கேம்மா காய வச்ச?”

வாட்ச் கிளாஸில் பரப்பி, மூடாமல், சனி ஞாயிறு இரண்டு நாளும் மேஜைமேல் விட்டிருக்கிறாள். எடுத்துவரச் சொன்னேன். நடுவில் கருநீலம் அப்படியே இருந்தது. ஓரத்துப் பொடி மட்டும் மங்கி, லேசாகப் பச்சை தட்டியிருந்தது. மோந்து பார்த்தால் அம்மோனியா நெடி. அந்த நெடிதான் காணாமல்போன கால் பங்கு.

மறுபடி செய்தாள். இந்த முறை வடிதாளில் ஒற்றி, ஆல்கஹால் மணம் போனதும் இறுக்கமான மூடிபோட்ட சிறு பாட்டிலில் அடைத்து, அன்று மாலையே இரண்டையும் அளந்தாள். ஹைப்போ 20.4, காரம் 18.8. அம்மோனியா 8.12 மில்லிமோல், செம்பு 2.04. வகுத்தாள்: 3.98. நோட்டில் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, பழைய வாட்ச் கிளாஸைக் கழுவாமல் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.