ஒரு எண்ணுக்கு ஒரே ஆள்

மருத்துவமனைப் பதிவு கவுன்ட்டரில் 'செல்வி' என்று தட்டினால் திரையில் பல பேர் வந்து நிற்பார்கள். செல்போன் எண்ணையும் சேர்த்துத் தேடினால் ஆளைப் பிடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் மாமியார், மருமகள், பேரன் என்று மூவருக்கும் ஒரே எண்ணைக் கொடுக்கிற வீடுகள் உண்டு. ஒருவர் கைவிட்ட எண் சில மாதங்களில் வேறொருவர் கைக்குப் போய்விடுவதும் உண்டு. அதனால்தான் ஓ.பி. சீட்டில் மருத்துவமனை தானே ஒரு எண்ணைப் போட்டுத் தருகிறது. கணினியில் உள்ள நோயாளிகள் டேபிளில் அந்த எண்தான் பிரைமரி கீ. அது எந்த வரியிலும் காலியாக இருக்கக் கூடாது, இரண்டு வரிகளில் ஒன்றாக வரவும் கூடாது.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? இன்று நாம் பயன்படுத்தும் டேபிள் முறைக்கு அடித்தளம் போட்டவர் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட். 1970-ல் அவர் வெளியிட்ட கட்டுரையின்படி, டேபிளில் உள்ள வரிகளுக்கு முன்பின் என்ற ஒழுங்கு கிடையாது. 'மேலிருந்து மூன்றாவது வரி' என்று சுட்டிக்காட்ட முடியாது. வரிக்குள் இருக்கும் மதிப்பைச் சொல்லித்தான் அந்த வரியை எடுக்க முடியும். அந்த மதிப்பு இரண்டு வரிகளுக்குப் பொருந்தினால், ஒன்றை மட்டும் எடுக்க வழியே இல்லாமல் போகிறது.

1043 என்ற எண் 34 வயது செல்விக்கும் 61 வயது ராமசாமிக்கும் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனைக் கூடத்துக்குத் தனி டேபிள். அங்கே நோயாளியின் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ராமசாமிக்கு ரத்தத்தில் சர்க்கரை 280, கட்டணம் 150 ரூபாய் என்று 1043-க்கு நேரே ஒரு வரி பதிவாகிறது. டாக்டர் அறிக்கை கேட்கும்போது கணினி இரண்டு டேபிள்களையும் எண்ணை வைத்து இணைக்கிறது. 1043-க்கு இரண்டு நோயாளிகள் இருப்பதால், ஒரே பரிசோதனை இரண்டு வரிகளாக வருகிறது. சர்க்கரையே இல்லாத செல்விக்கும் 280! அன்றைய வருமானக் கணக்கில் 150 ரூபாய் 300 ஆகிவிடுகிறது. செல்வியின் முகவரியை மாற்றச் சொன்னால் ராமசாமியின் முகவரியும் கூடவே மாறும்.

இதில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது, கணினி எங்கேயும் பிழை என்று சொல்லாது என்பதுதான். அறிக்கை ஒழுங்காக அச்சாகி வரும். கல்லாவில் உள்ள பணமும் கணினிக் கணக்கும் ஒத்துப்போகாத அன்றுதான் யாராவது துருவிப் பார்ப்பார்கள்.

இதைத் தடுக்க, டேபிளை உருவாக்கும்போதே இரண்டு வார்த்தை சேர்த்தால் போதும்:

```sql
CREATE TABLE patients (
  op_no INT PRIMARY KEY,
  name  VARCHAR(80)
);
```

'பதிவு மென்பொருளே சரிபார்த்துவிடுமே' என்று சிலர் கேட்பார்கள். காலை நேரக் கூட்டத்தில் இரண்டு கவுன்ட்டர்கள் ஒரே நொடியில் 'கடைசி எண் என்ன' என்று கேட்கின்றன. இரண்டுக்கும் 1042 என்றே பதில் வருகிறது. இரண்டும் ஒன்றைக் கூட்டி 1043 என்று எழுதப் போகின்றன. இரண்டு மென்பொருளும் தத்தம் அளவில் சரியாகத்தான் சரிபார்த்தன. பிரைமரி கீ அறிவித்திருந்தால், டேட்டாபேஸ் எண்களை வரிசைப்படுத்திய ஓர் அட்டவணையைத் தன்னிடம் வைத்திருக்கும். எழுதும் நொடியில் அதைப் பார்த்து, முந்தியவரை அனுமதித்து, பிந்தியவரைத் திருப்பி அனுப்பும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் திரையில் வருவது இது:

```
ERROR 1062 (23000): Duplicate entry '1043' for key 'patients.PRIMARY'
```

அந்தக் கவுன்ட்டர் புதிய எண் கேட்டு மறுபடி பதிய வேண்டும். சில நொடித் தாமதம்தான்.

ஆனால் டேபிளுக்குள் எண் இரட்டிக்காமல் பார்த்துக்கொள்வதோடு இந்தக் காவல் முடிகிறது. அதே செல்வி அடுத்த மாதம் சீட்டைத் தொலைத்துவிட்டு வந்தால் 2310 என்று புது எண் கிடைக்கும். ஒரே ஆளுக்கு இரண்டு வரி. பிரைமரி கீக்கு இது குற்றமே அல்ல. பழைய மாத்திரை ஒவ்வாமைக் குறிப்பு 1043-லேயே தங்கிவிடும்.

ஒருவர் எண்ணை மற்றவர் தன் எண் என்று சொன்னாலும் அதற்குத் தெரியாது. கணினிக்கு முந்தைய காலத்திலேயே அமெரிக்காவில் இது பெரிய அளவில் நடந்தது. 1938-ல் நியூயார்க் மாநிலத்தின் லாக்போர்ட்டில் ஒரு பர்ஸ் கம்பெனி, சமூகப் பாதுகாப்பு அட்டை உள்ளே எப்படிப் பொருந்தும் என்று காட்ட மாதிரி அட்டைகளை வைத்து விற்றது. அதில் அச்சிட்டது கம்பெனிச் செயலாளர் ஒருவரின் உண்மையான எண்: 078-05-1120. 'மாதிரி' என்று போட்டிருந்தும் வாங்கியவர்களில் பலர் அதையே தங்கள் எண்ணாகக் கொடுத்தார்கள். 1943-ல் 5,755 பேர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். காலப்போக்கில் 40,000 பேருக்கு மேல். அரசு அந்த எண்ணை ரத்து செய்து, செயலாளருக்கு வேறு எண் கொடுத்தது. 1977-லும் 12 பேர் அதே எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.