பிராசஸர் எதற்காகக் காத்திருந்தது?

1950களின் நடுவில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஐபிஎம் 701 என்ற கணினி இருந்தது. அதைப் பயன்படுத்த விரும்பும் பொறியாளர் முன்கூட்டியே பெயர் பதிந்து, குறைந்தது 15 நிமிட நேரத்தைப் பெற வேண்டும். தன் முறை வந்ததும் துளையிட்ட அட்டைக் கட்டோடு அறைக்குள் போவார். அட்டைகளை ரீடரில் வைப்பார், தனக்கு வேண்டிய டேப்பை மாட்டுவார், பிரிண்டரைத் தயார் செய்வார். இதற்கே சுமார் 10 நிமிடம் போய்விடும். கணக்குப் போட மிஞ்சுவது ஐந்து நிமிடம். அதற்குள் பிழை வந்தால் இயந்திரத்தை நிறுத்தி, விளக்குகளைப் பார்த்து யோசிப்பார். மாத வாடகை பல ஆயிரம் டாலர் ஓடும் இயந்திரத்தின் பிராசஸர் அதுவரை சும்மா நிற்கும்.

பிராசஸர் வேலை செய்யாத ஒவ்வொரு நொடியும் அது வேறொன்றுக்காகக் காத்திருக்கும் நொடி. ஆபரேட்டிங் சிஸ்டத்தின் முதல் பதினைந்து ஆண்டுகளை, எதற்காகக் காத்திருக்கிறது என்று தேடித் தேடி அந்தக் காத்திருப்பை ஒழித்த கதையாகவே நான் பார்க்கிறேன். முதலில் அகப்பட்டது மனிதனின் கை.

1956இல் ஜெனரல் மோட்டார்ஸைச் சேர்ந்த ராபர்ட் பேட்ரிக்கும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷனைச் சேர்ந்த ஓவன் மாக்கும் ஐபிஎம் 704க்காக ஒரு மேற்பார்வைப் புரோகிராமை உருவாக்கினார்கள். பலருடைய வேலைகளை ஒரே வரிசையாகக் கொடுத்தால், ஒன்று முடிந்ததும் அடுத்ததை அதுவே தொடங்கிவிடும். இதுதான் பேட்ச் முறை. பொறியாளர் கணினி அறைக்குள் வரத் தேவையில்லை. தன் கட்டை வாசலில் கொடுத்துவிட்டுப் போகலாம். எது யாருடைய வேலை, எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதைக் கட்டுக்குள்ளேயே செருகிய கட்டளை அட்டைகள் சொல்லும். சில ஆண்டுகளில் ஐபிஎம் கணினிகளில் பரவலான ஒரு கட்டு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
$JOB
$FORTRAN
   (புரோகிராம் அட்டைகள்)
$LOAD
$RUN
   (தரவு அட்டைகள்)
$END
```

இந்த அட்டைகளைப் படித்து நடத்துவதற்காக மேற்பார்வைப் புரோகிராம் எப்போதும் மெமரியின் ஒரு மூலையில் தங்கியிருக்கும். வந்த புதிதில் அதற்குப் பாதுகாப்பு ஏதும் இல்லை. ஒருவருடைய புரோகிராம் தவறான இடத்தில் எழுதினால் மேற்பார்வைப் புரோகிராமே அழிந்து, வரிசை மொத்தமும் நின்றுபோகும். இன்னொரு கோளாறு பார்ப்பதற்குச் சின்னதாக இருந்தாலும் கொடுமையானது. ஒரு புரோகிராம் தன் தரவு அட்டைகள் முடிந்த பிறகும் தவறுதலாக இன்னும் சில அட்டைகளைப் படித்துவிட்டால், அடுத்தவருடைய `$JOB` அட்டையை விழுங்கிவிடும். அந்த அடுத்தவரின் வேலை தொடங்கவே செய்யாது. அவர் எந்தத் தவறும் செய்திருக்க மாட்டார். இதைத் தடுக்க, அட்டைகளைப் புரோகிராம் தானே நேராகப் படிக்காமல் மேற்பார்வைப் புரோகிராமைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்று வைத்தார்கள். `$` குறியோடு ஓர் அட்டை வந்தால் "உன் பங்கு முடிந்தது" என்று அது மறுத்துவிடும். இன்றைக்கும் எந்தப் புரோகிராமும் டிஸ்க்கை நேரடியாகத் தொடாமல் ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கேட்டே படிக்கிறது.

கை போனது. அடுத்த காத்திருப்பு இயந்திரத்துக்குள்ளேயே இருந்தது.

704 ஒரு கூட்டலை 24 மைக்ரோ விநாடியில் செய்யும். அதன் அட்டை ரீடர் நிமிடத்துக்கு 250 அட்டைகளைப் படிக்கும். அதாவது ஓர் அட்டைக்கு 240 மில்லி விநாடி. ஓர் அட்டை வருவதற்குள் பிராசஸர் பத்தாயிரம் கூட்டல்களைச் செய்திருக்கலாம். அதற்கு ஒரு வழி கண்டார்கள். பெரிய கணினியின் பக்கத்தில் ஐபிஎம் 1401 போன்ற மலிவான சிறிய கணினியை வைத்து, அட்டைகளை அதில் படித்து டேப்பில் ஏற்றினார்கள். டேப் நொடிக்கு 15,000 எழுத்துகளைத் தரும். எண்பது எழுத்து கொண்ட அட்டை ஓடும் டேப்பிலிருந்து ஐந்தாறு மில்லி விநாடியில் வந்துவிடும். பிரிண்டருக்கும் இதே ஏற்பாடுதான்: பெரிய கணினி விடைகளை டேப்பில் எழுதும், சிறிய கணினி அதைப் பிறகு மெதுவாக அச்சடிக்கும்.

ஆனாலும் ஐந்து மில்லி விநாடி என்பது இருநூறு கூட்டல். சம்பளப் பட்டியல் போன்ற வேலைகளில் கணக்கு கொஞ்சம், படிப்பதும் எழுதுவதும்தான் அதிகம். பேட்ச் முறையில் மெமரியில் இருப்பது ஒரே ஒரு வேலை. அது டேப்புக்காகக் காத்திருந்தால் பிராசஸரும் கூடவே காத்திருக்கத்தான் வேண்டும். வேகமான டேப் வந்தபோது அதைவிட வேகமான பிராசஸரும் வந்தது. இந்த இடைவெளியை வேகத்தால் மூட முடியாது என்பது அப்போது தெளிவானது.

மல்டிபுரோகிராமிங் இந்த இடைவெளியை மூடப் பார்க்கவில்லை; அதைப் பயன்படுத்திக்கொண்டது. மெமரியில் ஒரே சமயத்தில் பல வேலைகளை வைத்திருப்பது, ஒன்று டேப்புக்காக நின்றால் பிராசஸரை உடனே இன்னொன்றுக்குக் கொடுப்பது. இதற்கு வன்பொருளில் இரண்டு வசதிகள் வேண்டும். ஒன்று, பிராசஸரின் உதவி இல்லாமலே தரவை டேப்பிலிருந்து மெமரிக்குக் கொண்டுவரும் தனிப் பாதை. ஐபிஎம் இதைச் சேனல் என்றது. 709இல் அது வந்தது. மற்றொன்று இன்டரப்ட்: சேனல் வேலையை முடித்ததும் பிராசஸரை இடைமறித்து "தரவு வந்துவிட்டது" என்று சொல்லும் சைகை. இது இல்லையென்றால் பிராசஸர் வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மிச்சம் பிடித்த நேரம் அதிலேயே தீர்ந்துவிடும். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் டாம் கில்பர்ன் தலைமையில் உருவாகி 1962இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியின் மேற்பார்வைப் புரோகிராம் இதை முழுமையாகச் செய்து காட்டியது.

எவ்வளவு லாபம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு வேலையும் தன் நேரத்தில் 80 விழுக்காட்டை டேப்புக்காகக் காத்தே கழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தனியாக ஓடினால் பிராசஸர் பயன்படுவது 20 விழுக்காடு. அப்படியானால் ஐந்து வேலைகளைச் சேர்த்து வைத்தால் 100 விழுக்காடு ஆகிவிடும் என்று தோன்றும். ஆகாது. ஐந்தும் ஒரே நேரத்தில் காத்திருக்கும் தருணங்களும் வரும். ஒன்றின் காத்திருப்புக்கும் மற்றொன்றின் காத்திருப்புக்கும் தொடர்பில்லை என்று கொண்டால், அந்தத் தருணங்களின் அளவு 0.8ஐ ஐந்து முறை பெருக்கினால் வரும் 0.33. ஆக, பிராசஸர் பயன்படுவது 67 விழுக்காடு. பத்து வேலைகள் வைத்தால் 89 விழுக்காடு. முதல் ஐந்து வேலை 67 விழுக்காட்டைத் தந்தது. அடுத்த ஐந்து 22 விழுக்காட்டை மட்டுமே கூட்டியது. ஒவ்வொரு வேலைக்கும் மெமரியில் இடம் வேண்டும், அந்தக் காலத்தில் மெமரி மிக விலை உயர்ந்த பொருள். எத்தனை வேலைகளோடு நிறுத்திக்கொள்வது என்பதை அந்த விலைதான் முடிவு செய்தது.

எல்லாவற்றையும் விடத் தாமதமான ஒன்றை இந்த இரண்டு முறைகளும் தீண்டவே இல்லை. கட்டைக் கொடுத்த மனிதர் விடைக்காக மணிக்கணக்கில், சில இடங்களில் மறுநாள் வரை, காத்திருந்தார். கிடைப்பது ஒரு கமாவை விட்டுவிட்டதாகச் சொல்லும் ஒற்றை வரியாக இருக்கலாம். அதைத் திருத்திக் கொடுத்தால் இன்னொரு நாள். 1959 ஜனவரியில் எம்ஐடியின் ஜான் மெக்கார்த்தி ஒரு குறிப்பெழுதி, கணினியின் நேரத்தைப் பலருக்குப் பங்கிட்டு, ஒவ்வொருவரும் அதனோடு நேரடியாக வேலை செய்ய வழி செய்ய வேண்டும் என்றார். 1961 நவம்பரில் அங்கேயே ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பை 709இல் இயக்கிக் காட்டியது. முதலில் நான்கு டைப்ரைட்டர் முனையங்கள்தான். பிறகு 7094க்கு மாறி, ஒரே சமயத்தில் சுமார் முப்பது பேர் வரை பயன்படுத்தும் அளவுக்கு வளர்ந்தது.

விஸ்வநாதன் ஆனந்த் வரிசையாக உட்கார்ந்திருக்கும் இருபது பேரோடு ஒரே நேரத்தில் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பலகையிலும் அவர் நிற்பது சில நொடிகள். மீதி நேரம் முழுவதும் எதிராளி யோசிக்கிறார். டைம் ஷேரிங் நடப்பதும் இப்படித்தான். ஒரு வேறுபாடு உண்டு: ஆனந்த் காய் நகர்த்திய பிறகுதான் பலகையை விட்டு நகர்வார். கணினியிலோ ஒரு புரோகிராம் முடிக்காவிட்டாலும், கடிகார இன்டரப்ட் அடித்ததும் பிராசஸர் அதனிடமிருந்து பிடுங்கப்படும். மல்டிபுரோகிராமிங்கில் வேலை தானாக நின்றால்தான் முறை மாறும் என்று இருந்துவிடலாம். ஆள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அப்படி இருக்க முடியாது. முடிவில்லாமல் சுற்றும் ஒரே ஒரு புரோகிராம் முப்பது பேரையும் நிறுத்திவிடும்.

எம்ஐடியின் 7094இல் தலா 32,768 சொற்கள் கொண்ட இரண்டு மெமரிகள் இருந்தன. ஒன்று மேற்பார்வைப் புரோகிராமுக்கு, மற்றது பயனருக்கு. முறை மாறும்போது ஒருவருடைய புரோகிராமை டிரம்மிலோ டிஸ்கிலோ எழுதிவிட்டு அடுத்தவருடையதைக் கொண்டுவர வேண்டும். அந்தப் போக்குவரத்து நேரம் பயனருக்குக் கணக்குப் போட்டுத் தராத நேரம். பிராசஸர் பயன்பாட்டை மட்டும் அளந்தால் டைம் ஷேரிங் ஒரு படி பின்னால் போனது என்றே சொல்ல வேண்டும். இதைப் பாடநூல்கள் போகிற போக்கில் தாண்டிவிடுகின்றன என்பது என் குறை. மனிதரின் நாளை மீட்பதற்காக இயந்திரத்தின் விநாடிகளைத் தெரிந்தே விட்டுக்கொடுத்தார்கள்.

அந்த விட்டுக்கொடுத்தல் கட்டுமீறாமல் பார்த்துக்கொள்ள கோர்பட்டோ ஓர் அடுக்கு வரிசையை வைத்தார். புதிதாக வரும் சிறிய வேலை மேல் அடுக்கில் சேரும். அங்கே நேரம் குறைவு, முறை விரைவில் வரும். அதற்குள் முடியாவிட்டால் ஓர் அடுக்கு கீழே இறங்கும். அங்கே ஒரு முறைக்கு இரண்டு மடங்கு நேரம், ஆனால் மேலே யாரும் இல்லாதபோதுதான் முறை வரும். ஒரு வரியைத் திருத்துபவருக்கு உடனே பதில் கிடைக்கும். நீண்ட கணக்கு கீழே நிதானமாக ஓடும். பெரிய புரோகிராம்களைக் கொண்டுவரவே நேரம் அதிகமாகும் என்பதால், அவை தொடக்கத்திலேயே கீழ் அடுக்கில் சேர்க்கப்பட்டன. ஏற்றி இறக்கும் உழைப்புக்கு ஈடாக அவை அங்கே நீண்ட நேரம் ஓடும். முனையங்களில் யாரும் எதுவும் கேட்காத நேரத்தில் பழைய பேட்ச் வேலைகள் பின்னணியில் ஓடின. இழந்த விநாடிகளில் ஒரு பகுதி அப்படித் திரும்ப வந்தது.

பிறகு ஒரு புதுச் சிக்கல் முளைத்தது. அட்லஸ் தொடங்கி வைத்த வழியில், புரோகிராமைச் சிறு பக்கங்களாகப் பிரித்து, தேவையான பக்கங்களை மட்டும் மெமரியில் வைக்கும் வழக்கம் வந்தது. இதனால் இன்னும் பல புரோகிராம்களை உள்ளே சேர்க்க முடிந்தது. ஒரு கட்டத்துக்கு மேல் கணினி திடீரென்று ஏறக்குறைய நின்றுபோனது. ஒவ்வொரு புரோகிராமும் தன் பக்கத்தை வரவழைக்க இன்னொன்றின் பக்கத்தை வெளியேற்றும். வெளியேற்றப்பட்டது அடுத்த நொடியே மீண்டும் தேவைப்படும். டிஸ்க் ஓயாமல் ஓடும், பிராசஸர் சும்மா நிற்கும். பிராசஸர் சும்மா நிற்பதைப் பார்த்த ஆபரேட்டிங் சிஸ்டம், பழைய பாடத்தின்படி இன்னொரு வேலையை உள்ளே விடும். நிலைமை இன்னும் மோசமாகும்.

1968இல் பீட்டர் டென்னிங் இதன் காரணத்தை விளக்கினார். ஒரு புரோகிராம் அண்மையில் எந்தெந்தப் பக்கங்களைத் தொட்டதோ அவை எல்லாம் மெமரியில் இருந்தால்தான் அது நகரும். அந்தத் தொகுப்புக்கு இடமில்லாத புரோகிராமை ஓட விடவே கூடாது என்றார். பிராசஸர் காலியாக இருந்து, டிஸ்க் மட்டும் இடைவிடாமல் பக்கங்களை மாற்றிக்கொண்டிருந்தால் அதுதான் அடையாளம். அப்போது ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளில் ஒன்றை முழுவதுமாக வெளியே எடுத்துவிட வேண்டும். எண்ணிக்கை குறைந்ததும் பிராசஸர் பயன்பாடு ஏறும்.