நடுவில் தேய்ந்ததா, ஓரங்களில் தேய்ந்ததா?

பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கும்போது மீட்டர் காட்டுவது அந்த நிமிடத்தின் அளவை மட்டும்தான். போன மாதம் டயரில் எவ்வளவு காற்று இருந்தது, அதற்கு முந்தைய மாதம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. டயருக்குத் தெரியும். பல ஆயிரம் கிலோமீட்டர் எந்த அழுத்தத்தில் ஓடியதோ, அதற்கேற்ற இடத்தில்தான் ரப்பர் கரைந்திருக்கும்.

வண்டியின் எடையைத் தாங்குவது பெரும்பாலும் டயருக்குள் அடைபட்ட காற்றுதான். சரியான அளவில் இருந்தால் டயரின் அகலம் முழுவதும் சாலையில் சமமாகப் படியும். காற்று குறைந்தால் நடுப்பகுதி உள்வாங்கிக்கொள்ள, எடை இரண்டு ஓரங்களுக்கும் போய்விடும். ஓரங்கள் வேகமாகத் தேயும். காற்று கூடினால் நடுப்பகுதி புடைத்து அதுவே சாலையைத் தேய்த்துக்கொண்டு ஓடும்; ஓரங்கள் புதிது போலவே நிற்க, நடுவரிகள் மட்டும் மழுங்கும். ஒரே ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் காற்றின் மேல் பழி போடக் கூடாது. அது பெரும்பாலும் வீல் அலைன்மென்ட் கோளாறு.

கார்களில் அதிகம் பார்க்கக் கிடைப்பது ஓரத் தேய்மானம். ஒழுங்காகக் காற்று பிடிப்பவர்களின் காரிலும் இது வருவது எப்படி? 33 பிஎஸ்ஐ வைக்கச் சொல்லும் ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். உரிமையாளர் மாதம் தவறாமல் பங்குக்குப் போகிறார். ஆனால் போவது மாலையில், வெயிலில் வெகுதூரம் ஓட்டிவிட்டு. டயர் சூடேறியதால் மீட்டர் 36 அல்லது 37 காட்டுகிறது. ‘அதிகமாக இருக்கிறது’ என்று காற்றை இறக்கி 33-இல் நிறுத்துகிறார்கள். மறுநாள் காலை டயர் ஆறிய பிறகு உள்ளே இருப்பது 29 அல்லது 30தான். ஓட்டை எதுவும் இல்லாத டயரிலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாகக் குறையும். ஆக, அந்தக் கார் மாதம் முழுவதும் 28, 29-இல்தான் ஓடுகிறது. நடுவரியின் ஆழம் 5 மில்லிமீட்டர், இரு ஓரங்களிலும் 3 என்று ஒருநாள் கடைக்காரர் அளந்து காட்டும்போது, ‘மாசாமாசம் காத்து பிடிக்கிறேனே’ என்று அவர் திகைப்பதில் வியப்பில்லை.

நடுத் தேய்மானத்துக்கு நல்ல உதாரணம் குட்டி யானை போன்ற சரக்கு வண்டிகளின் பின்டயர். முழுப் பாரத்துக்கு என்று காற்றைத் திணித்துவிட்டுப் பாதி நாள் காலியாக ஓட்டினால், எடை இல்லாத பின்டயரின் நடுப்பகுதிதான் சாலையைத் தொடும். காரில் இது நேர்வதற்கு முக்கியக் காரணம், டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் அழுத்த எண்ணையே வைக்க வேண்டிய அளவு என்று எடுத்துக்கொள்வது. அது அந்த டயர் தாங்கும் உச்ச வரம்பு. வைக்க வேண்டிய அளவு, பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும்.

இந்தத் தடயத்தை அப்படியே நம்பிவிடவும் முடியாது. ரேடியல் டயரின் மேற்பட்டைக்குள் இருக்கும் எஃகு இழைப் பட்டை நடுப்பகுதியைப் புடைக்க விடாமல் இழுத்துப் பிடிக்கிறது. அதனால் காற்று கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் தேய்மானத்தில் தெரியாமல் போகலாம். மலைப்பாதையில் அடிக்கடி திருப்பி ஓட்டும் காரின் முன்டயர்களில், காற்று சரியாக இருந்தாலும் இரண்டு ஓரங்களும் தேயும். பின்டயர்கள் சமமாக இருந்து முன்டயர்களில் மட்டும் ஓரம் போயிருந்தால், முதலில் ஓட்டும் பாதையைச் சந்தேகியுங்கள். நான்கு டயரிலும் ஓரம் போயிருந்தால் காற்றைச் சந்தேகியுங்கள். பைக்கின் பின்டயர் கதை வேறு: நேர்ச்சாலையில் நிமிர்ந்தே ஓடுவதால் அதில் நடுப்பகுதி தேய்வது இயல்பு.

இரண்டு பழக்கங்களில் எது மோசம்? காற்றுக் குறைவுதான். குறைந்த காற்றில் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அளவுக்கு மீறி மடங்கி நிமிர்கிறது. அந்த மடக்கம் சூடாக மாறுகிறது. சித்திரை வெயிலில், நான்கு வழிச் சாலையில், ஆள் நிறைந்த காரில் டயர் வெடிப்பதற்கு அந்தச் சூடே போதும். நடுப்பகுதி மழுங்கிய டயரின் ஆபத்து மழைக்காலத்தில் வரும். தண்ணீரை வெளியேற்ற நடுவில் பள்ளம் இல்லாததால் பிரேக் பிடிக்காமல் வழுக்கும்.

தேய்ந்த ரப்பர் திரும்ப வளராது. காற்றைச் சரிசெய்தால் மிச்சமிருப்பது சமமாகத் தேயும், அவ்வளவுதான். பள்ளங்களுக்குள் இருக்கும் சின்ன மேடுகள் 1.6 மில்லிமீட்டர் எல்லையைக் காட்டுபவை. நடுப்பகுதியாகட்டும் ஓரமாகட்டும், ஓரிடத்தில் அந்த ஆழத்துக்கு இறங்கிவிட்டால் மற்ற இடங்களில் எவ்வளவு ரப்பர் இருந்தாலும் டயரை மாற்றிவிடுங்கள். அதுவரை மாதம் ஒருமுறை, காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போதே காற்றை அளந்து பாருங்கள். சூடான டயரிலிருந்து மட்டும் காற்றை இறக்காதீர்கள்.