உங்களுக்குத் தெரியுமா? – கப்பல் ஒப்பந்தமும் தமிழும்

சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேருகிறவரின் ஒப்பந்தத்துக்கு ஆங்கிலப் படி இருக்க வேண்டும் என்று விதி உண்டு, தமிழ்ப் படி இருக்க வேண்டும் என்று இல்லை. 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றது. ஒப்பந்தம் வேறு மொழியில் இருந்தால் ஆங்கிலப் படி ஒன்று கப்பலில் இருக்க வேண்டும் என்கிறது அது. கையெழுத்துக்கு முன் படித்துப் பார்க்கவும் ஆலோசனை கேட்கவும் அவகாசம் தர வேண்டும் என்றும் சொல்கிறது. இந்தியாவின் 1958-ஆம் ஆண்டு வணிகக் கப்பல் சட்டம் இன்னும் தெளிவாகப் பேசியது: மாலுமிக்குப் புரியும் மொழியில் ஒப்பந்தத்தை வாசித்து விளக்கிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். ஆனால் முட்டத்திலோ குளச்சலிலோ இருந்து புறப்படும் பையனுக்கு அந்த வாசிப்பு பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில், தமிழ் மொழிபெயர்ப்பை வைத்துத்தான் நடக்கிறது. ஆகவே அந்தத் தமிழ் சரியாக இருக்க வேண்டும். பக்கத்தின் தலையில், “இது புரிந்துகொள்வதற்கான மொழிபெயர்ப்பு, ஆங்கில மூலமே செல்லும்” என்று ஒரு வரி எழுதாமல் நான் எந்த ஒப்பந்தத்தையும் மொழிபெயர்த்துக் கொடுப்பதில்லை.

*

ஒரே தாளில் இரண்டு சம்பளம் ஏன்? மகனின் ஒப்பந்தத்தோடு வந்த ஓர் அம்மா என்னிடம் கேட்டது இது: “மக்ளே, இதுல 832-ன்னும் இருக்கு, 1,416-ன்னும் இருக்கு. எதுதான் நிசம்?”

இரண்டும் நிசம்தான். 832 டாலர் அடிப்படைச் சம்பளம். வாரம் 48 மணி நேர வேலைக்கு மாதம் 208 மணி நேரம் ஆகிறது. மணிக்கு 4 டாலர். ஓவர்டைமுக்கு அதைப் போல குறைந்தது ஒன்றேகால் மடங்கு, அதாவது 5 டாலர். அந்தத் தாளில் 103 மணி நேர ஓவர்டைம் சேர்த்திருந்தது: 515 டாலர். மாதத்துக்கு இரண்டரை நாள் விடுப்புச் சம்பளம் 69 டாலர். மூன்றையும் கூட்டினால் 1,416.

இங்கே இரண்டு இடத்தில் தமிழ் சறுக்கும். அந்த 103 மணி நேரத்தைக் “கட்டாய ஓவர்டைம்” என்று எழுதிவிடுகிறார்கள். கட்டாயம் என்றால் வேலைக்குத்தான் கட்டாயம் என்று வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். மூலத்தில் உறுதி செய்யப்படுவது பணம். “வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிடைக்கும் 103 மணி நேர ஓவர்டைம், 104-ஆவது மணியிலிருந்து தனிக் கணக்கு” என்று எழுதினால் குழப்பம் இல்லை.

மற்றது விடுப்பு. “சம்பளத்துடன் கூடிய விடுப்பு” என்று எழுதினால், பையன் வீட்டில் இருக்கும் மாதங்களிலும் பணம் வரும் என்று குடும்பம் நம்பிவிடும். அந்த 69 டாலர் மாதாமாதச் சம்பளத்திலேயே வந்துவிட்டது. 9 மாதம் ஓடினால் இருபத்திரண்டரை நாள் விடுப்புச் சம்பளம், 621 டாலர். அதுவும் முன்பே கையில் வாங்கிச் செலவானது. சைன் ஆஃப் ஆகி வந்த பிறகு கம்பெனியிடமிருந்து ஒன்றும் வராது. அந்த அம்மா நகைக்கடன் தவணையை அப்படிப் பணம் வரும் என்று நம்பித்தான் போட்டு வைத்திருந்தார். இரண்டு பேருமாக உட்கார்ந்து தவணையை மாற்றிப் போட்டோம்.

*

“9 மாதம், கூடக் குறைய 1 மாதம்.” இந்த ஒரு வரியில் இரண்டு மாத வித்தியாசம் இருக்கிறது. 8 மாதத்தில் இறங்கலாம், 10 மாதமும் ஆகலாம். யார் முடிவு செய்வது என்பது ஆங்கிலத்தில் வரிக் கடைசியில் இருக்கும்: கம்பெனியின் விருப்பப்படி, அல்லது இரு தரப்பு சம்மதப்படி. தமிழில் “நீட்டிக்கப்படலாம்” என்று எழுதினால் நீட்டுகிறவர் யார் என்பதே காணாமல் போய்விடும். “கம்பெனி நீட்டிக்கலாம்” என்றோ “நீங்களும் சம்மதித்தால் நீட்டிக்கலாம்” என்றோ எழுவாயோடு எழுதுங்கள். எப்படி நீட்டினாலும், 12 மாதம் முழுதாக ஆகும் முன்பே ஊர் திரும்பும் உரிமை வந்துவிட வேண்டும் என்று உடன்படிக்கை வரம்பு கட்டியிருக்கிறது.

*

ஊர் திரும்பும் பிரிவை “திருப்பி அனுப்புதல்” என்று மொழிபெயர்த்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். வளைகுடாவில் விசா முடிந்து பிடிபட்டவர்களுக்கு நம் ஊரில் சொல்லும் சொல் அது. வாசிக்கிற பையன் அதைத் தண்டனைப் பிரிவு என்று நினைத்துத் தாண்டிவிடுவான். உண்மையில் அது அவனுடைய உரிமை. “கம்பெனி செலவில் ஊர் திரும்பும் உரிமை” என்று தலைப்பே வைத்துவிடலாம்.

அதன் கீழே எந்த ஊர் என்பதையும் பாருங்கள். “வேலைக்கு எடுத்த இடம்” என்று மூலத்தில் இருந்து, அந்த இடம் மும்பை என்றால், டிக்கெட் மும்பையோடு முடியும். அங்கிருந்து நாகர்கோவிலுக்கு ஒன்றரை நாள் ரயில் பயணம், சொந்தச் செலவில். மூலத்தில் இல்லாதபோது “சொந்த ஊர்” என்று எழுதுவது அந்தச் செலவை மறைப்பதாகும். கையெழுத்துக்கு முன்பே திருவனந்தபுரம் விமான நிலையம் என்று மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். கேட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

ஊர் திரும்பும் செலவுக்காக மாலுமியிடம் முன்பணம் வாங்கக் கூடாது. சம்பளத்தில் பிடிப்பதும் கூடாது, மாலுமி தன் கடமையில் பெருந்தவறு செய்ததாக முறைப்படி முடிவானால் தவிர. “பெருந்தவறு” என்பதில் உள்ள “பெரு”வை விட்டுவிட்டால், எந்தச் சின்னத் தவறுக்கும் பிடிக்கலாம் என்று ஆகிவிடும்.

*

ஒழுங்குப் பிரிவில் அப்படிக் காக்க வேண்டிய இன்னொரு சொல் “சட்டப்படியான”. சட்டப்படியான உத்தரவை மறுத்தால்தான் குற்றம். “உத்தரவை மறுத்தால்” என்று சுருக்கினால், ஓய்வு நேரத்தை மீறி நிற்கச் சொல்வதையும் மறுக்க முடியாது என்று பையன் பயந்துபோவான். ஒரு நாளில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு அவனுக்கு உண்டு.

லாக் புத்தகத்தில் ஒருவர்மேல் குற்றம் எழுதினால், அதை அவருக்கு வாசித்துக் காட்டவோ படி கொடுக்கவோ வேண்டும், அவர் பதிலையும் எழுத வேண்டும் என்பது பழைய சட்டத்திலேயே உள்ள வழக்கம். அந்த இடத்தில் “படித்தேன்” என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போடுவது வேறு, “ஒப்புக்கொள்கிறேன்” என்பது வேறு. கப்பலிலேயே புகார் கொடுக்கும் முறையைச் சொல்லும் தனித்தாள் ஒன்றும் ஒப்பந்தத்தோடு வர வேண்டும். வரவில்லை என்றால் கேட்டு வாங்கி, அதையும் மொழிபெயர்க்கக் கொடுங்கள்.

*

மேலே சொன்ன எதுவும் மீன்பிடிப் படகுக்குப் பொருந்தாது என்பது தெரியுமா? நம் மாவட்டத்துக்கு இதுதான் பெரிய விஷயம். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை மீன்பிடிக் கலங்களைத் தொடக்கத்திலேயே விலக்கிவிட்டது. மீனவர்களுக்கென 2007-இல் வந்த 188-ஆம் எண் உடன்படிக்கை, மீனவருக்குப் புரியும்படி ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்கிறது. அதை இந்தியா ஏற்கவில்லை. ஈரானில் மீன்பிடிக்கப் போன நம்மவர்கள் 2020-இல் கொரோனாவால் சிக்கிக்கொண்டபோது, பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு ஐ.என்.எஸ். ஜலஷ்வா ஜூலை 1 அன்று தூத்துக்குடி வந்து சேர்ந்தது. அவர்களை அழைத்து வரக் கடற்படைக் கப்பல் போக வேண்டியிருந்தது.

வளைகுடா மீன்பிடி ஒப்பந்தத்தில் சம்பளப் பட்டியலுக்குப் பதில் பங்கு இருக்கும், அரபு மூலமே பொதுவாகச் செல்லும். “செலவு போக மீதியில் பங்கு” என்ற வரியை நம் கரையில் யாருக்கும் விளக்க வேண்டாம். ஆனால் இங்கே செலவு என்றால் டீசல், ஐஸ், சாப்பாடு என்று எல்லாருக்கும் தெரியும். அங்கே விசாக் கட்டணமும் வலை பழுதும் அதற்குள் போகலாம். மூலத்தில் பட்டியல் இல்லை என்றால் மொழிபெயர்ப்பில் நான் பட்டியல் போடுவதில்லை. அந்த இடத்தில் அடைப்புக்குறிக்குள் இப்படி எழுதிக் கொடுக்கிறேன்: “எந்தெந்தச் செலவு என்று மூலத்தில் சொல்லவில்லை. கேட்டு எழுதி வாங்கவும்.”