கணக்கு சரி, காலம் தப்பு

ஒரே கம்பெனியின் லாபத்தில் பங்கு கேட்கும் இரண்டு ஷேர்கள். ஒன்று இன்னொன்றைவிட எட்டு சதவீதம் கூடுதல் விலைக்குப் போகிறது. மலிவானதை வாங்கி, விலை கூடியதை விற்றுவிட்டால், என்றாவது ஒருநாள் இரண்டும் சமமாகும்போது அந்த எட்டு சதவீதம் நம் பைக்கு வந்துவிடும் அல்லவா? பங்குச் சந்தையில் ‘பேர்ஸ் டிரேடிங்’ என்று சொல்லப்படும் ஜோடி வியாபாரத்தின் அடிப்படை இவ்வளவுதான். இந்தக் கணக்கில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதை ராயல் டச் – ஷெல் ஜோடியைப் போலத் தெளிவாகக் காட்டும் கதை வேறில்லை.

நெதர்லாந்தின் ராயல் டச் பெட்ரோலியமும் லண்டனின் ஷெல் டிரான்ஸ்போர்ட் அண்ட் டிரேடிங்கும் 1907-இல் கைகோத்தன. தொழில் ஒன்றானது, கம்பெனிகள் மட்டும் தனித்தனியாகவே இருந்தன. வருகிற லாபத்தில் 60 பங்கு ராயல் டச்சுக்கு, 40 பங்கு ஷெல்லுக்கு என்று ஒப்பந்தம். அப்படியானால் ராயல் டச்சின் மொத்தச் சந்தை மதிப்பு எப்போதும் ஷெல்லின் மதிப்பைப் போல ஒன்றரை மடங்கு இருக்கவேண்டும். ஆனால் அப்படி இருந்ததே அபூர்வம். 1980-களின் தொடக்கத்தில் ராயல் டச், இருக்கவேண்டிய விலைக்கு 30 சதவீதத்துக்கும் கீழே கிடந்தது. 1997-இல் எட்டு முதல் பத்து சதவீதம் மேலே நின்றது.

காரணம் இல்லாமல் இல்லை. ராயல் டச் அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டில் இருந்தது. அந்தக் குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டுகள் விலை பார்க்காமல் அதை வாங்கியாக வேண்டும். ஷெல்லோ லண்டன் குறியீட்டில் இருந்தது. அதனால் அமெரிக்கச் சந்தை ஏறினால் ஒன்று கூடவே ஏறும். லண்டன் சந்தை ஏறினால் மற்றது ஏறும். டிவிடெண்ட் மீதான வரியும் நாட்டுக்கு நாடு வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு ஷேரைக் கொடுத்து மற்றதை மாற்றிக்கொள்ளும் வழியே கிடையாது. அந்த வழி இருந்திருந்தால் இடைவெளி ஒரே நாளில் மூடியிருக்கும்.

வியாபாரம் நடக்கும் விதத்தைச் சின்னக் கணக்கில் பார்ப்போம். மலிவான ஷெல்லை ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்குகிறோம். அதே நேரத்தில் ராயல் டச்சை ஒரு லட்சத்துக்கு ‘ஷார்ட்’ போகிறோம். அதாவது, நம்மிடம் இல்லாத ஷேரைக் கடன் வாங்கி விற்கிறோம், பிறகு வாங்கித் திருப்பிக் கொடுக்கவேண்டும். இப்போது இடைவெளி எட்டு சதவீதம். பிறகு சந்தையே சரிந்து, ஷெல் 20 சதவீதம் விழுகிறது, இடைவெளியும் மூடிவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ராயல் டச் ஏறத்தாழ 26 சதவீதம் விழுந்திருக்கும். வாங்கியதில் 20,000 நஷ்டம், விற்றதில் சுமார் 26,000 லாபம்; ஆறாயிரம் ரூபாய் கையில் நிற்கும். சந்தை விழுந்தாலும் கிடைக்கிறதே, அதுதான் இதன் கவர்ச்சி. சந்தை எந்தப் பக்கம் போகும் என்று யூகிக்கவேண்டியதில்லை. இடைவெளி ஒன்றின் மீதுதான் பந்தயம்.

இதே கணக்கில் இடைவெளி மூடாமல் 22 சதவீதமாக விரிந்தால்? ஷெல் அசையாமல் நிற்க, ராயல் டச் 13 சதவீதம் ஏறியிருக்கும். ஷார்ட் போன ஒரு லட்சத்தில் 13,000 ரூபாய் நஷ்டம்.

1997-இல் இந்தப் பந்தயத்தில் இறங்கியது லாங் டெர்ம் கேபிட்டல் மேனேஜ்மென்ட் என்ற அமெரிக்க ஹெட்ஜ் ஃபண்ட். பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ராபர்ட் மெர்ட்டனும் மைரன் ஷோல்ஸும் அதன் பங்காளிகள். ஷெல்லை வாங்கியும் ராயல் டச்சை விற்றும் மொத்தம் 230 கோடி டாலருக்கு இந்த ஜோடியில் நின்றார்கள். அந்த ஃபண்டின் பிற பந்தயங்களையும் சேர்த்துப் பார்த்தால், 1998 தொடக்கத்தில் சொந்தப் பணம் 500 கோடி டாலருக்கும் குறைவு. கடனோ 12,000 கோடி டாலரைத் தாண்டியது.

1998 ஆகஸ்டில் ரஷ்யா தன் கடன்பத்திரங்களுக்குப் பணம் தர முடியாது என்று கைவிரித்தது. ரஷ்யாவுக்கும் இந்த எண்ணெய் ஷேர் ஜோடிக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் வேறு இடங்களில் அடிவாங்கிய ஃபண்டுகள், கடன் கொடுத்தவர்கள் கூடுதல் மார்ஜின் கேட்டதும், கையில் இருந்த பந்தயங்களை எல்லாம் முடித்துப் பணமாக்க ஓடின. இந்த ஜோடியை முடிப்பது என்றால் என்ன? ஷெல்லை விற்று, ராயல் டச்சை வாங்குவது. ஏற்கெனவே மலிவானது இன்னும் மலிவாகும், விலை கூடியது இன்னும் கூடும். எல்லோரும் ஒரே பந்தயத்தில் நின்றதே இடைவெளியை விரித்தது. ஃபண்ட் வேறு வழியின்றி வெளியேறியபோது இடைவெளி சுமார் 22 சதவீதம். இத்தகைய பங்கு ஜோடிகளில் அவர்கள் இழந்தது 28.6 கோடி டாலர். அதில் பாதிக்கு மேல் இந்த ஒரே ஜோடியில் போனது. செப்டம்பரில் 14 வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கூடி, சுமார் 360 கோடி டாலர் போட்டு ஃபண்டைத் தங்கள் கைக்குக் கொண்டுவந்தன.

இரண்டு கம்பெனிகளும் 2005-இல் ஒன்றாக இணைந்தன. பழைய 60:40 கணக்கிலேயே ஷேர்கள் பிரித்துத் தரப்பட்டன. இடைவெளி முற்றாக மறைந்தது. கணக்கு சரிதான், கடன் கொடுத்தவர்கள் ஏழு வருடம் பொறுக்கவில்லை.

ராயல் டச் – ஷெல் ஜோடிக்காவது ஒப்பந்தம் என்ற பிடிமானம் இருந்தது. சாதாரணமாகச் சந்தையில் பிடிக்கும் ஜோடிகளுக்கு, ஒரே துறையில் இருக்கும் இரண்டு வங்கிகளுக்கோ இரண்டு சிமென்ட் கம்பெனிகளுக்கோ, அதுவும் கிடையாது. இவ்வளவு காலம் சேர்ந்தே நகர்ந்தன என்பதுதான் ஆதாரம். கேட்டேவ், கெட்ஸ்மன், ரோவன்ஹார்ஸ்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்கச் சந்தையின் பல பத்தாண்டு விலைகளில் சோதித்த முறை எளியது. 12 மாத விலைகளை ஒப்பிட்டு, ஒட்டி நகரும் ஜோடிகளைப் பிடிக்கவேண்டும். அடுத்த ஆறு மாதத்தில் இடைவெளி, வழக்கமாக ஆடும் அளவைப் போல இரண்டு மடங்கைத் தாண்டினால் இறங்கவேண்டும். இரண்டும் சந்தித்தால் லாபத்தோடு வெளியேறலாம். சந்திக்காவிட்டாலும் ஆறு மாத முடிவில் முடித்துவிடவேண்டும். இதில் லாபம் வந்தது என்று கண்டார்கள். பிந்தைய ஆண்டுகளில் அது குறைந்துகொண்டே வந்ததையும் கண்டார்கள்.

இறங்குவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி, இடைவெளி ஏன் வந்தது என்பது. ஏதோ ஒரு பெரிய ஃபண்ட் மொத்தமாக விற்றதால் என்றால், திரும்பி வர வாய்ப்புண்டு. ஒரு வங்கியின் வாராக்கடன் வெளியே வந்ததால் என்றால், அங்கே உறவே முறிந்துவிட்டது. புதிய விலைதான் சரியான விலை.

இந்தியாவில் கேஷ் மார்க்கெட்டில் ஷார்ட் போனால் சாதாரண முதலீட்டாளர் அன்றைக்கே வாங்கி முடிக்கவேண்டும். எனவே ஜோடி வியாபாரம் ஃபியூச்சர்ஸில்தான் நடக்கிறது. அங்கே லாட் அளவு கம்பெனிக்குக் கம்பெனி வேறு என்பதால், இரு பக்கமும் ரூபாய் மதிப்பு சமமாக அமைவதே சிரமம். மாதம் முடிந்தால் அடுத்த மாதத்துக்கு மாற்ற மறுபடி செலவு. நஷ்டம் தினமும் மார்ஜினிலிருந்து கழியும்.

எவ்வளவு பணம் போடலாம் என்பதற்கு, எட்டு சதவீதம் கிடைக்குமா என்று பார்ப்பதைவிட, இந்த இடைவெளி இதற்கு முன் எவ்வளவு தூரம் விரிந்திருக்கிறது என்று பார்ப்பது நல்லது. ராயல் டச்சின் பழைய விலைப்பட்டியலில் 30 சதவீத இடைவெளி எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படிதான் இருந்தது.